மூன்று வேளை மெயில்

மெயிலை நாளுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் திறக்காதே, போன் பேச வேண்டியவர்களை எல்லாம் ஒரே மணி நேரத்தில் பேசி முடி, வெளிவேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே நடையில் முடித்துவிட்டு வா. நேர நிர்வாகம் பற்றிப் பேசுகிற எவரும் சொல்லிவிடுகிற யோசனை இது. 2007-ல் வந்த டிம் ஃபெரிஸின் ‘தி ஃபோர் ஹவர் வொர்க்வீக்’ புத்தகம் பகல் 12 மணிக்கு ஒருமுறை, மாலை 4 மணிக்கு ஒருமுறை என்று மெயிலுக்கு நேரமே குறித்துக் கொடுத்தது. படித்தவர்கள் பலர் முயன்று பார்த்தார்கள். முயன்றவர்களில் பலர் சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். விட்டதற்குக் காரணமாகத் தங்கள் மனக்கட்டுப்பாட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. மெயில், போன், வெளிவேலை ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதில்தான் கோளாறு இருக்கிறது. சேர்த்துச் செய்வதால் இந்த மூன்றிலும் மிச்சமாவது ஒரே பொருள் இல்லை. மெயிலில் கவனம் மிச்சமாகிறது. வெளிவேலையில் பெட்ரோலும் நடையும் மிச்சம். போனில் பல சமயம் ஒன்றுமே மிச்சமாவதில்லை. எது மிச்சமாகிறது, அதற்கு விலையாக யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்ற இரண்டையும் வைத்துத்தான் இந்த யோசனையை எடைபோட முடியும்.

இந்தக் கணக்கு தொழிற்சாலையில் பிறந்தது. ஒரு எந்திரத்தை ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாற்ற ஆகும் செலவு ஒரு பக்கம், மொத்தமாகச் செய்து குவித்த சரக்கைக் காத்துவைக்கும் செலவு மறுபக்கம். இரண்டும் சேர்ந்து எங்கே குறைவாக இருக்கிறதோ அதுதான் சரியான அளவு என்று அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் 1913-ல் சூத்திரம் எழுதினார். திருப்பூர் சாயப்பட்டறைக்காரருக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எந்திரத்தைக் கழுவியாக வேண்டும். தண்ணீர், நேரம் இரண்டும் போகும். அதனால் ஒரே நிற ஆர்டர்களைச் சேர்ப்பார்கள். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போவார்கள். அப்படிப் போனால் கழுவும் வேலை குறையும். சேர்ப்பது பாதி வேலைதான், சேர்த்ததை எந்த வரிசையில் எடுப்பது என்பது மறுபாதி என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மனித மூளைக்கும் இப்படி ஒரு கழுவும் செலவு உண்டு. 1927-லேயே அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜெர்சில்ட் இதை அளந்து பார்த்தார். ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து போடுவதைவிட, இரண்டு வகைக் கணக்குகளை மாறி மாறிப் போடும்போது நேரம் கூடியது. பிற்பாடு வந்த ஆய்வுகள் இதை இன்னும் நுணுக்கமாகச் சொல்லின. 2009-ல் சோஃபி லெராய் காட்டியது, முடிக்காமல் விட்டுவந்த வேலையின் ஒரு பகுதி மனதில் ஒட்டிக்கொண்டே இருந்து, அடுத்த வேலையின் தரத்தைக் குறைக்கிறது என்பதை. எரிக் ஆல்ட்மன் குழுவினர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2014-ல் வெளியிட்ட சோதனை இன்னும் கூர்மையானது. வரிசை மாறாமல் செய்ய வேண்டிய ஒரு வேலையின் நடுவே 3 விநாடிக்கும் குறைவான ஒரு குறுக்கீடு வந்தாலே வரிசைத் தவறுகள் இரட்டிப்பாயின. 4 விநாடியைச் சற்றுத் தாண்டியபோது மூன்று மடங்காயின. வந்தது யாருடைய மெயில் என்று எட்டிப் பார்க்கிற நேரம்தான் அது.

மெயிலுக்கென்றே அளந்த ஒரு கணக்கு இங்கிலாந்தில் உண்டு. லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் டாம் ஜாக்சனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு நிறுவன ஊழியர்களைக் கவனித்து 2003-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பத்தில் ஏழு மெயில்கள் வந்த 6 விநாடிக்குள் கவனிக்கப்பட்டன. மெயிலைப் பார்த்துவிட்டுப் பழைய வேலையின் வேகத்துக்குத் திரும்பச் சராசரியாக 64 விநாடி ஆனது. ஒரு நிறுவனத்தில் எடுத்த அளவுதான். எல்லோருக்கும் இதே 64 என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் கணக்குப் போட ஒரு பிடி கிடைக்கிறது.

போட்டே பார்ப்போம். ஈரோட்டில் ஒரு சிறிய ஆடிட்டர் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஆடிட்டர் ஒருவர், உதவிக்கு மூன்று பேர். ஜிஎஸ்டி, டிடிஎஸ், வருமான வரி எல்லாம் பார்க்கிறார்கள். காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணிக்குள் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு 60 மெயில் வருகிறது. ஒவ்வொன்றையும் வந்தவுடன் பார்த்தால் 60 முறை தடம் மாறுகிறார். தடவைக்கு 64 விநாடி வீதம் நாளில் 64 நிமிடம் போகிறது. மெயிலுக்குப் பதில் எழுதும் நேரம் இதில் சேரவில்லை. இது பழைய வேலைக்குத் திரும்பி வரும் நேரம் மட்டும்.

இப்போது மணிக்கொரு முறைதான் பார்ப்பது என்று வைத்தால் எட்டு முறை. ஏறக்குறைய எட்டரை நிமிடம். காலை 10, பகல் 1.30, மாலை 5 என்று மூன்று வேளையாகக் குறைத்தால் மூன்று நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். அதாவது 60-லிருந்து எட்டுக்கு வந்ததில் 55 நிமிடம் மிச்சம். எட்டிலிருந்து மூன்றுக்கு வந்ததில் கிடைத்த கூடுதல் மிச்சம் ஐந்து நிமிடம்தான்.

காத்திருப்பவரின் பக்கம் நின்று பாருங்கள். மணிக்கொரு முறை பார்த்தால் ஒரு மெயில் சராசரியாக அரை மணி காத்திருக்கும். மூன்று வேளையில் இடைவெளி மூன்றரை மணி. சராசரிக் காத்திருப்பு ஒன்றே முக்கால் மணி, மோசமானால் மூன்றரை மணி முழுவதும். மாலை 5 மணிக்குப் பிறகு வந்தது மறுநாள் காலை வரை கிடக்கும். ஐந்து நிமிட மிச்சத்துக்காக அனுப்பியவர்களை மூன்று மடங்குக்கு மேல் காக்க வைப்பது எந்த ஊர்க் கணக்கு?

வெறும் தடம் மாறும் செலவை வைத்துப் பார்த்தால் மணிக்கொரு முறை என்பதே போதும். இரண்டு வேளை, மூன்று வேளை என்ற கெடுபிடிக்கு ஆதாரமே இல்லை. ஆனால் சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. 2019-ல் நிக்கோலஸ் ஃபிட்ஸ், கோஸ்டாடின் குஷ்லெவ், டான் ஏரியலி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வில் 237 பேரின் போன் அறிவிப்புகளை இரண்டு வாரம் கட்டுப்படுத்திப் பார்த்தார்கள். சிலருக்கு வழக்கம்போல, சிலருக்கு மணிக்கொரு முறை, சிலருக்கு நாளுக்கு மூன்று முறை, சிலருக்கு அறிவிப்பே இல்லை. மூன்று முறை வந்தவர்கள்தான் கவனம் கூடியதாகவும் வேலை ஓடியதாகவும் மனம் தெளிவாக இருந்ததாகவும் சொன்னார்கள். மணிக்கொரு முறையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அறிவிப்பே வராதவர்களுக்குப் பதற்றம்தான் கூடியது. எதையோ தவறவிடுகிறோம் என்ற பயம்.

என் கணக்கு ஏன் தோற்றது? எத்தனை முறை மாறினார் என்பதை மட்டும் எண்ணி, நடுவில் எவ்வளவு நீளம் கிடைத்தது என்பதை எண்ணாமல் விட்டதால். அதே ஈரோட்டு ஆபீஸுக்கே வருவோம். மாதம் 14-ம் தேதி போர்ட்டலில் GSTR-2B வந்துவிடும். விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின்படி நம் கிளையண்டுக்கு எவ்வளவு உள்ளீட்டு வரி கிடைக்கும் என்ற பட்டியல் அது. அதைக் கிளையண்டின் கொள்முதல் பதிவேட்டோடு வரிவரியாக ஒப்பிட்டு, வராத பில், எண் மாறிய பில், இரண்டு முறை ஏறிய பில் எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, 20-ம் தேதிக்குள் GSTR-3B போட வேண்டும். நானூறு பில் உள்ள கிளையண்டுக்கு இது ஒரே அமர்வில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு முறை மெயில் திறந்தால் இந்த வேலை எப்போதும் நடுவில் அறுபடும். அறுபடும் இடத்தில்தான் ஒரு வரி விட்டுப்போகிறது. ஆல்ட்மன் சோதனையில் இரட்டித்தது இந்த வகைத் தவறுதான். அது அன்றைக்குத் தெரியாது. நோட்டீஸ் வரும்போது தெரியும்.

ஆகவே எத்தனை வேளை என்பதை மெயிலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. நம் வேலையில் அறுபடக் கூடாத மிக நீளமான துண்டு எது, அதற்கு எவ்வளவு நேரம் என்று முதலில் பார்க்க வேண்டும். அது ஒன்றரை மணி என்றால் இரண்டு மணிக்கொரு வேளை போதும்; நாளில் நான்கு ஐந்து வேளை வரும். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பவருக்கு மூன்று வேளை. துண்டு துண்டான சின்ன வேலைகளே உள்ளவருக்கு மணிக்கொரு முறை பார்ப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. மூன்று என்ற எண்ணுக்கு மந்திர சக்தி கிடையாது.

குஷ்லெவும் எலிசபெத் டன்னும் 2015-ல் வெளியிட்ட கனடா ஆய்வைத்தான் இந்த விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 124 பேர், ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை, இன்னொரு வாரம் இஷ்டம்போல. மூன்று முறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்தது. ஏறக்குறைய அதே அளவு மெயில்களுக்குப் பதில் எழுத ஐந்தில் ஒரு பங்கு நேரம் குறைவாகவே ஆனது என்றும் அவர்கள் எழுதினார்கள். ஆனால் மூன்று முறை என்று சொல்லியும் பலரால் மூன்றில் நிற்க முடியவில்லை. சராசரி அதைத் தாண்டித்தான் இருந்தது. இந்த விவரம் மேற்கோள்களில் அதிகம் வருவதில்லை. முழுக் கட்டுப்பாடு இல்லாமலே பலன் கிடைத்தது என்பது எனக்கு நல்ல செய்தியாகவே தோன்றுகிறது.

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் குளோரியா மார்க் பல ஆண்டுகளாக அலுவலக ஊழியர்களின் கணினியையும் இதயத் துடிப்பையும் சேர்த்தே கண்காணித்து வருபவர். அவருடைய குழு 40 பேரை 12 வேலைநாள் கவனித்து 2016-ல் முடிவுகளை வெளியிட்டது. மெயிலைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் தங்கள் வேலை நன்றாக நடந்ததாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களுக்கு மன அழுத்தம் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 63 பேரை வெப்பக் கேமரா வைத்துப் பார்த்து 2019-ல் வெளியான இன்னொரு ஆய்வில், இயல்பிலேயே எளிதில் கலங்கும் சுபாவம் உள்ளவர்களுக்கு மெயிலைச் சேர்த்துவைத்துத் திறப்பது அழுத்தத்தைக் கூட்டியது. மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ என்ற நினைப்பே அவர்களுக்குக் குறுக்கீடாகிறது போலும். அப்படிப்பட்டவர் மணிக்கொரு முறை பார்த்துவிட்டுப் போவதே மேல். அவரைப் போய் ஒழுக்கம் போதாதவர் என்று சொல்வது அநியாயம்.

சரி, வேளை வைத்தாயிற்று. வேளைக்குள் என்ன செய்வது? தோற்றுப்போகும் பெரும்பாலானவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். 60 மெயிலை மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 20. ஒன்றுக்குச் சராசரி இரண்டு நிமிடம் என்றாலும் 40 நிமிடம் வேண்டும். ஆனால் நாள்குறிப்பில் அரை மணிதான் ஒதுக்குவார்கள். வேளைக்கு ஐந்து மெயில் தேங்கும், நாளுக்கு 15, ஆறு நாளில் 90. சனிக்கிழமை மாலை பெட்டியின் அடியில் திங்கட்கிழமை மெயில் கிடக்கும். கிடப்பது தெரிந்த பிறகு எவருக்கும் அடுத்த வேளை வரை பொறுக்க மனம் வராது. நடுநடுவே எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள். முறை உடைந்தது மனக்கட்டுப்பாட்டால் இல்லை, பத்து நிமிடப் பற்றாக்குறையால். பெட்டியில் பதில் போகாத மிகப் பழைய மெயிலின் தேதியைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அது நேற்றையதாகவே இருந்தால் வேளை போதுமானது. நாளுக்கு நாள் பின்னால் போய்க்கொண்டிருந்தால் வேளையின் நீளம் போதவில்லை.

வரிசை விஷயத்துக்கு வருவோம். வந்த நேரப்படி மேலிருந்து கீழாகத் திறப்பதே பலர் வழக்கம். ஆடிட்டர் ஆபீஸில் அது அடி முட்டாள்தனம். முதல் மெயில் ஒரு நூல் வியாபாரியுடையது; டேலியில் அவருடைய கம்பெனியைத் திறந்து, லெட்ஜர் பார்த்து, பதில் எழுதுகிறார் நம் பெண். இரண்டாவது ஒரு ஹார்டுவேர் கடை. இந்தக் கம்பெனியை மூடி அதைத் திறக்கிறார். நான்காவது மறுபடியும் நூல் வியாபாரி. சேர்த்துவைத்ததன் பலனை வேளைக்குள்ளேயே தொலைத்தாயிற்று. அனுப்பியவர் பெயர்ப்படி பெட்டியை வரிசைப்படுத்திவிட்டால் ஒரு கிளையண்டின் மெயில் எல்லாம் ஒன்றாக நிற்கும். கம்பெனியை ஒருமுறை திறந்தால் போதும். பல சமயம் காலையில் கேட்ட கேள்விக்கு அவரே மதியம் ‘பில் கிடைத்துவிட்டது, விடுங்கள்’ என்று எழுதியிருப்பார். வந்தவுடன் பதில் எழுதியிருந்தால் அந்த உழைப்பு வீண். தாமதத்துக்கு இப்படி ஒரு நல்ல பக்கமும் உண்டு. தானே தீர்ந்துபோகும் மெயில்கள் கொஞ்சமில்லை.

பதில் எழுதும் விதமும் மாற வேண்டும். இதுதான் இந்த முறையின் மிகப் பெரிய பொறி என்று நினைக்கிறேன். இரண்டு பக்கமும் வேளை வைத்துக்கொண்டால் காத்திருப்பு இரட்டிக்கிறது. காலை 10 மணிக்கு ‘மார்ச் பில் அனுப்புங்கள்’ என்று ஒரு வரி போகிறது. கிளையண்ட் மதியம் பார்த்து, ‘எந்தப் பில்?’ என்று கேட்கிறார். மாலை 5 மணிக்கு இவர் பில் எண்ணைச் சொல்கிறார். மறுநாள் கிளையண்ட், ‘அது ரிட்டர்ன் ஆகிவிட்டதே’ என்கிறார். ஐந்து நிமிட விஷயம் ஒன்றரை நாள் ஆகிவிட்டது. வந்தவுடன் பதில் போடும் ஆபீஸில் அரைகுறைக் கேள்வி பெரிய குற்றம் இல்லை, அடுத்த நிமிடம் சரிசெய்துகொள்ளலாம். வேளை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் இப்படி எழுத வேண்டும்:

‘மார்ச் 12 தேதியிட்ட பில், எண் 418, தொகை ரூ.36,500, 2B-யில் வரவில்லை. சரக்கு உங்களிடம் இருந்தால் பில் நகல் அனுப்புங்கள். திருப்பி அனுப்பியிருந்தால் டெபிட் நோட் நகல் போதும். 18-ம் தேதி மாலைக்குள் இரண்டும் வராவிட்டால் இந்த மாதம் இந்தப் பில்லை விட்டுவிட்டு ரிட்டர்ன் போடுகிறேன். அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம்.’

எழுத இரண்டு நிமிடம் கூட ஆகும். ஆனால் அடுத்த மூன்று மெயில்கள் பிறக்காது. கிளையண்ட் பதிலே போடாவிட்டாலும் வேலை நிற்காது. சேர்த்துப் பார்ப்பவர்களின் மெயில்கள் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்க வேண்டும். குட்டையாக எழுதிக்கொண்டு மூன்று வேளையும் வைப்பவர் தன் வேலையை இழுத்தடிக்கிறார்.

நம் ஊரில் மெயிலைவிடப் பெரிய தலைவலி வாட்ஸ்அப். பில்லைக் கோணலாகப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். கீழே ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ். பட்டியலை ஓட்டிப் பார்த்து எது அவசரம் என்று பிரிக்க மெயிலில் முடியும். வாய்ஸ் மெசேஜைக் கேட்டால்தான் தெரியும். குடும்பத்துச் செய்தியும் அதே போனில் அதே சத்தத்தோடு வரும்போது வேளை என்பதே பொருளற்றுப்போகிறது. இதற்குத் தனி ஆபீஸ் எண், அதில் வாட்ஸ்அப் பிசினஸ் என்பதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதில் ‘Away message’ என்ற வசதியில் நேரம் குறித்துவைக்கலாம். ‘உங்கள் செய்தி வந்தது. பகல் 1.30, மாலை 5 மணிக்குப் பார்த்துப் பதில் சொல்வோம். ஓடிபி போன்ற அவசரத்துக்கு ஆபீஸ் நம்பருக்கு போன் செய்யவும்’ என்று இரண்டு வரி போதும். எப்போது பதில் வரும் என்று தெரிந்தவர் திரும்பத் திரும்ப ‘பாத்தீங்களா சார்’ என்று போடுவது நிச்சயம் குறையும்.

போனுக்கு வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. மெயில் ஒருவர் வேலை. போன் இருவர் வேலை. என் வசதிக்கு மாலை 4 மணிக்கு வரிசையாகப் பத்துப் பேரைக் கூப்பிடுகிறேன். நான்கு பேர் எடுக்கவில்லை. அவர்கள் மிஸ்டு கால் பார்த்துவிட்டு 5.10-க்கும் 5.40-க்கும் இரவு 8 மணிக்கும் திருப்பிக் கூப்பிடுகிறார்கள். என் போன் வேலையைச் சேர்க்கப் போய், குறுக்கீடுகளை நானே விதைத்துவிட்டேன். அதனால் போனில் சேர்க்க வேண்டியது என் நேரத்தை மட்டுமல்ல, அவர்கள் நேரத்தையும். கூப்பிடுமுன் ‘4.15-க்குக் கூப்பிடுகிறேன், இந்த இரண்டு விஷயம்’ என்று ஒரு செய்தி அனுப்பினால் எடுப்பவர்கள் கூடுவார்கள். எடுக்கும்போது கையில் பில்லும் இருக்கும். இன்னொரு வழி, நான் தினமும் மாலை 4 முதல் 5 வரை போனில் கிடைப்பேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு அதை மாதக்கணக்கில் மாறாமல் காப்பாற்றுவது. சொல்லிவிட்டு இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் மூன்றாம் நாளிலிருந்து யாரும் அந்த நேரத்தை மதிக்க மாட்டார்கள்.

ஓடிபி என்கிற ஒரு விஷயம் எந்த வேளைக்கும் அடங்காது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ஓடிபி கிளையண்டின் போனுக்குப் போகும். சில நிமிடங்களில் காலாவதியாகும். அவர் மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தால் போச்சு. இங்கே கிளையண்டுகளைத்தான் வேளைக்குள் கொண்டுவர வேண்டும். தயாரான ரிட்டர்ன்களை எல்லாம் சேர்த்துவைத்து, ‘நாளை காலை 11 முதல் 12-க்குள் ஓடிபி வரும், போன் கையில் இருக்கட்டும்’ என்று முதல் நாளே பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டு, அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாம். போனில் சேர்த்துச் செய்வது உண்மையாகவே பலன் தரும் இடம் இது. இருவர் நேரமும் முன்கூட்டிப் பொருந்துகிறது என்பதே காரணம்.

வெளிவேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள். ஒன்று மட்டும். அங்கே வேளையைக் குறிப்பது நாம் இல்லை, கவுண்டர். பேங்க் எத்தனை மணி வரை, பதிவு அலுவலகத்தில் டோக்கன் எத்தனை மணிக்கு என்பவை முதலில் வரும். நம் நடை அதைச் சுற்றித்தான். கூடவே, ஒன்றின் முடிவு இன்னொன்றுக்குத் தேவைப்படும். வாடகை ஒப்பந்தம் போடுவதானால் முத்திரைத்தாள் வாங்கி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி, நோட்டரியிடம் போய், ஜெராக்ஸ் எடுத்து, பிறகுதான் தபால். போஸ்ட் ஆபீஸ் வழியில் முதலில் இருக்கிறதே என்று அங்கே நுழைந்தால் திரும்பவும் வர வேண்டும். ஒரே நடையில் ஐந்து வேலை என்று கிளம்பினால், முதல் இடத்தில் ஆதார் நகல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சார்ந்த மற்ற நான்கும் நின்றுபோகும். சேர்த்ததால் வந்த ஆபத்து இது. தனித்தனியாகப் போயிருந்தால் அன்றைக்கு ஒரு வேலைதான் வீணாகியிருக்கும். (வெள்ளிக்கிழமை ராகு காலம் 10.30 முதல் 12. நம்பிக்கை இல்லாதவர்கள் நல்ல காரியத்துக்கான அலுவலகங்களுக்கு அந்த நேரம் போய்ப் பார்க்கலாம். முகூர்த்த நாளில் பத்திரப்பதிவுக்குக் கூடுதல் டோக்கன் தருகிற ஊர் இது; மற்ற நேரத்தின் கூட்டத்தை நான் சொல்ல வேண்டாம்.)

சேர்த்துச் செய்வதே தேவையில்லாமல் போகும் காலமும் வரும். தடம் மாறும் செலவு குறைந்தால் சேர்ப்பதற்கான காரணமும் போய்விடுகிறது. கரண்ட் பில்லும் தண்ணீர் வரியும் இன்ஷூரன்ஸும் ஒரே நாளில் கட்டினோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுண்டரில் நிற்க வேண்டியிருந்ததால். போனிலேயே அரை நிமிடத்தில் கட்ட முடிகிறபோது மாதக் கடைசிக்கென்று தள்ளிவைப்பது அபராதத்துக்குத்தான் வழி. பணத்தை நகர்த்தும் முறைகளிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். நெஃப்ட் இன்றும் அரை மணிக்கொரு தொகுதியாக, நாளுக்கு 48 முறை தீர்க்கப்படுகிறது. காசோலைகளையும் தொகுதி தொகுதியாகவே கிளியரிங் செய்துவந்த ரிசர்வ் வங்கி, 2025 அக்டோபர் 4 முதல் ஸ்கேன் ஆக ஆக அனுப்பும் தொடர் முறைக்கு மாற்றிவிட்டது. தொகுத்தது கொள்கையால் இல்லை, தொழில்நுட்பம் அப்படி இருந்ததால். நம் மெயிலில் மட்டும் எந்திரம் எவ்வளவு வேகமானாலும் தடம் மாறும் செலவு குறையவில்லை. அது மூளைக்குள் இருக்கிறது.

ஆடிட்டர் ஆபீஸில் இந்த ஏற்பாடு யாருக்குச் செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆடிட்டர் மூன்று வேளைதான் மெயில் பார்ப்பார். அவர் கையெழுத்துக்காக நிற்கும் மூன்று உதவியாளர்களும் அந்த மூன்று வேளைக்குக் காத்திருப்பார்கள். நடுவில் கிளையண்ட் கத்தினால் பதில் சொல்வதும் அவர்கள்தான். ஆடிட்டரின் மூன்றரை மணி நேர நிம்மதிக்கு வேறொருவரின் நாள் துண்டுதுண்டாகிறது. மேலே இருப்பவரின் வேளையைக் கீழே இருப்பவர் குறுக்கீடாக வாங்கிக்கொள்கிறார். இதைச் சரிசெய்ய, மூன்று பேரும் முறைவைத்துக்கொள்ளலாம். காலை முழுவதும் போனையும் வாட்ஸ்அப்பையும் ஒருவர் பார்ப்பார், மற்ற இருவரும் 2B ஒப்பிடுவார்கள். மதியம் ஆள் மாறும். ஒரு நாளில் அரை நாள் குறுக்கீட்டுக்கென்றே இருப்பவருக்கு அது வேலை, தொந்தரவு இல்லை. சின்ன ஆபீஸ்களுக்குத் தனி நபர் வேளையைவிட இந்த முறைவைப்பு நன்றாகப் பொருந்துகிறது.

மாதம் முழுவதும் ஒரே வேளை வைப்பதும் சரிப்படாது. 7-ம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-ம் தேதி GSTR-1, 20-ம் தேதி 3B. 14 முதல் 17 வரை ஒப்பிடும் வேலை நீளமானது. அந்த நான்கு நாளும் மூன்று வேளைக்கு மேல் மெயில் திறக்கக் கூடாது. 18-ம் தேதியிலிருந்து ஒப்பிடுதல் முடிந்திருக்கும். மீதி இருப்பது விட்டுப்போன பில்லும் ஓடிபியும். அப்போது ஒரு மெயில் மூன்றரை மணி நேரம் கிடந்தால் தாமதக் கட்டணமும் வட்டியும் கிளையண்ட் தலையில் விழும். அந்த மூன்று நாளும் மணிக்கொரு முறை, 20-ம் தேதி மதியத்துக்கு மேல் வந்தவுடன் என்று திறந்துவிட வேண்டியதுதான். 21-ம் தேதி காலை 10 மணிக்கு மறுபடி மூன்று வேளை.